நாற்பத்தாறில் ஒன்பது சாக்கு

பிச்சுமணி ஓய்வு பெற்றபோது அவருடைய நாற்காலி தனக்குத்தான் என்று பாண்டிச்செல்வி நினைத்திருந்தாள். நினைக்கக் காரணமும் இருந்தது. மட்டாஞ்சேரியில் ராமபத்ரன் நடத்தும் சுக்கு மொத்த வியாபாரத்தில் அவள் பதினெட்டு வயதில் சுக்கு பொறுக்கச் சேர்ந்தவள். இப்போது வயது முப்பத்தைந்து, கொச்சங்காடி கிடங்கின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வழியில் சரக்கு கெட்டு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது பிச்சுமணியின் வேலை. ஆனால் அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "சொல்லு, எது எப்படிக் கெட்டுது?" என்று கேட்டுத்தான் எழுதுவார். அவள் தமிழும் மலையாளமுமாகச் சொல்வதெல்லாம் அவர் கையில் இங்கிலீஷாக மாறும்.

நாற்காலி சுபாஷிணிக்குப் போயிற்று. பாலக்காட்டுப் பெண், பி.காம். படித்தவள், இருபத்து நான்கு வயது. வந்த மூன்றாம் மாதமே முதலாளி அவளிடம் கேட்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பெண்ணின் குறை எது என்று பாண்டிச்செல்வி ஒவ்வொரு நாளும் தேடினாள். செருப்பைக் கழற்றாமல் கிடங்குக்குள் வருகிறாள். சாயா குடித்த டம்ளரை மேசையிலேயே வைத்துவிடுகிறாள். இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, ஷிமோகாவிலிருந்து நூற்று நாற்பது சாக்கு சுக்கோடு லாரி வந்தது. மலையிறங்கும் வழியெல்லாம் விடாத மழை. லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. சுமட்டுக்காரர்கள் இறக்க இறக்க பாண்டிச்செல்வி ஒவ்வொரு சாக்கையும் தொட்டுப் பார்த்தாள். பின்வரிசைச் சாக்குகளில் தண்ணீர் சொட்டியது. வேறு சில சாக்குகளில் பூஞ்சை வாடை அடித்தது. இருட்டிக்கொண்டு வந்த வானத்துக்குப் பயந்து அவசரமாக எண்ணியதில் மொத்தம் நாற்பத்தாறு. சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் லாரிச் சீட்டிலேயே மலையாளத்தில் எழுதினாள்: தார்ப்பாய் கிழிசல், மழைநீர் இறங்கி நாற்பத்தாறு சாக்கு நனைவு. அடியில் டிரைவரிடமும் கையெழுத்து வாங்கினாள். அந்த ஒரு வரி இல்லாமல் சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால், சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று ஆகிவிடும். அப்புறம் லாரிக்காரனையும் கேட்க முடியாது, இன்சூரன்ஸ்காரனும் நூறு கேள்வி கேட்பான். இதைப் பிச்சுமணி சொல்லி அவளுக்குத் தெரியும்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சுபாஷிணி அதற்குள் போனில் தகவல் சொல்லிவிட்டிருந்தாள். முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார், சபாஷ் என்றார், அதை சுபாஷிணியிடம் நீட்டினார். பிறகு இருவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். பாண்டிச்செல்வி வெளியே நின்றாள். உள்ளே அந்தப் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் ஓடுவது தெரிந்தது. முதலாளி குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பதினேழு வருஷத்தில் சேதக் கடிதம் ஒன்று அவளைக் கேட்காமல் எழுதப்படுவது அதுதான் முதல் தடவை. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையை விட்டுவிட்டுக் கிடங்குக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நனைந்த சாக்குகளைத் தனியே அடுக்கி வாயைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முப்பத்தேழு சாக்குகள் மழையில் நனைந்தவையே. வெளிச்சுற்றுச் சுக்கு ஊறியிருந்தது, நடுவில் இருந்தது காய்ந்தே இருந்தது. மற்ற ஒன்பதும் வேறு மாதிரி. சாக்கின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. கையை முழங்கை வரை விட்டால் உள்ளே கதகதவென்று சூடு, விரலில் வெள்ளைப் பூஞ்சை. விற்றவன் சரியாகக் காயவைக்காமலே கட்டி அனுப்பியிருக்கிறான். அவற்றின் மேல் மழைத்துளி விழவே இல்லை. சரக்கின் சொந்தக் கோளாறுக்குப் பாலிசி பொறுப்பில்லை. வழியில் நேர்ந்த சேதத்துக்குத்தான் பொறுப்பு. இதுவும் அவளுக்குத் தெரியும்.

உடனே ஆபீஸுக்குப் போக எழுந்தாள். வாசல் வரை போனாள். அங்கே நின்றாள்.

கடிதம் பதினொரு மணிக்குப் போகும் என்று முதலாளி சொன்னது காதில் விழுந்திருந்தது. நாற்பத்தாறு என்று எழுதிய கடிதம். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பிரித்துப் பார்த்தால் ஒன்பது பொய்யென்று ஆகும். எழுதியவள் முதலாளி முன்னால் விழிப்பாள். 'சரக்கைத் தொட்டுப் பாக்காம என்ன கடிதம் எழுதினே?' என்று முதலாளி கேட்பதை அவள் மனத்துக்குள் கேட்டுப் பார்த்தாள். அது இனித்தது. எண்ணிக்கை தன்னுடையது என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது அவசரத்தில் எண்ணியது, உறுதியாகக் கேட்டு எழுதவேண்டியது யார் பொறுப்பு? என்னைக் கேட்டார்களா? கேட்கவில்லையே. அவள் திரும்பி வந்து சாக்கின் வாய்களை மூடி, ஒன்பதையும் அந்த முப்பத்தேழோடு சேர்த்தே அடுக்கினாள்.

பதினொரு மணிக்குக் கடிதம் போயிற்று. சுபாஷிணி கிடங்குக்கு வந்து சாக்குகளைப் போட்டோ எடுத்தாள். லாரி கம்பெனிக்கும் நஷ்டம் கேட்டு நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று என்றாள். போகும்போது, "சேச்சி, வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

பாண்டிச்செல்வி சணல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், ஒன்றும் இல்லை என்றாள்.

சனிக்கிழமை பகல் கலூரிலிருந்து சர்வேயர் அனந்தநாராயணன் வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்தான் என்றாலும், சேதம் எவ்வளவு, எதனால் என்று நடுநிலையாக எழுதித் தரவேண்டியவர் அவர். ஒடிசலான மனிதர், பையில் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர். ராமபத்ரனும் சுபாஷிணியும் கூட வந்தார்கள். சுபாஷிணி கையில் ஃபைல்: பாலிசி நகல், இந்த லோடைப் பாலிசியில் சேர்த்த சான்று, பில், ஈ-வே பில், லாரிச் சீட்டு, நோட்டீஸ் நகல், போட்டோக்கள். அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பில் நம்பரும் லாரி நம்பரும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருந்தன. கடிதம் சுத்தமாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னார். பாண்டிச்செல்வி தூணுக்கு அருகில் நின்று, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது அவர் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து, "இதுல பாண்டிச்செல்விங்கறது யாரு?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. முதலாளி அவளைக் கைகாட்டினார். அனந்தநாராயணன் அந்த வரியைத் தமிழில் சொன்னார். "'பதினேழு வருஷமா சுக்கு சரக்கைப் பரிசோதிக்கிற எங்க கிடங்கு மேற்பார்வையாளர் பாண்டிச்செல்வி ஒவ்வொரு சாக்கையும் நேரில் பார்த்துச் சொன்னதின்படி, நாற்பத்தாறு சாக்கும் மழைநீரால சேதமானது'ன்னு போட்டிருக்கு. நீங்கதானே பாத்தது? நாப்பத்தாறும் மழைத் தண்ணிதானா?"

தூணின் சுண்ணாம்பு அவள் முதுகில் ஒட்டியிருந்தது. தன் பெயர் ஆபீஸ் காகிதத்தில், அதுவும் இங்கிலீஷில், அதுவும் அந்தப் பெண்ணின் கையால் எழுதப்பட்டிருக்கும் என்று அவள் எண்ணியதே இல்லை. சுபாஷிணியைப் பார்த்தாள். அந்தப் பெண், இவள் ஆமாம் என்றுதான் சொல்வாள் என்ற நிச்சயத்தோடு இவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சர்வேயர் மீட்டரைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றாள் பாண்டிச்செல்வி. "முப்பத்தேழுதான் மழை. ஒம்பது சாக்கு உள்ளுக்குள்ளயே வெந்து போனது. காயாம கட்டினது."

அவளே போய் ஒன்பது சாக்குகளையும் இழுத்துத் தனியாக நிறுத்தினாள். அனந்தநாராயணன் ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார், குறித்துக்கொண்டார், மற்ற அடுக்கிலும் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. தானே கண்டுபிடித்திருந்தால் கடிதத்தில் தப்பான தகவல் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டியிருக்கும், முப்பத்தேழுக்கும் சந்தேகம் வந்திருக்கும் என்றார். திங்கட்கிழமைக்குள் திருத்திய கடிதம் அனுப்பச் சொன்னார். ஒன்பது சாக்கை விற்றவனிடம்தான் கேட்க வேண்டும் என்றார். நனைந்ததையும் சும்மா விடாமல் காயவைத்து, கிடைத்த விலைக்குத் தள்ளுங்கள், அதைக் கழித்துத்தான் நஷ்டக் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ராமபத்ரன், "இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நேத்துக் காலைல. ஒம்பது மணிக்கு."

"லெட்டர் பதினொண்ணுக்குத்தானே போச்சு," என்றாள் சுபாஷிணி. அவள் குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் சொன்னாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது, முகம் மாறியது.

"நீ மாட்டிக்கணும்னு நெனச்சேன்," என்றாள் பாண்டிச்செல்வி.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம், சரக்கு வந்தால் சுமட்டுத் தலைவன் சேவியரைக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் பக்கத்திலேயே நிற்பாள். சேவியருக்குச் சுக்கில் நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. கோளாறு இல்லை என்ற அர்த்தத்தில், 'குழப்பம் ஒன்னும் இல்ல' என்பான். பாண்டிச்செல்விக்கு இப்போது சேவியர் மேலும் பொறாமை வந்தது. மூன்றாவது வாரம் ஒரு லோடில் புழு வந்த பிறகுதான் முதலாளி மறுபடி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சுபாஷிணி அந்தச் சனிக்கிழமையே திருத்திய கடிதத்தை அடித்தாள். ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்து, மலையாளத்தில் சொல்லி, சரியா என்று கேட்டாள். குரலில் ஒட்டுதல் இல்லை. பாண்டிச்செல்வியும் ஆம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். விரல்கள் கீபோர்டில் ஓடுவதை இப்போது கிட்டத்திலிருந்து பார்க்க முடிந்தது. கிட்டத்தில் அது இன்னும் வேகமாக இருந்தது.

செப்டம்பரில் பணம் வந்தது. முப்பத்தேழு சாக்குக்கு, காய்ந்ததை விற்ற தொகை போக. அதற்கு முன்னால், லாரி கம்பெனியிடம் நஷ்டம் கேட்கும் உரிமையை இன்சூரன்ஸ் கம்பெனிக்கே விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு பத்திரம் போக வேண்டியிருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சுபாஷிணி கிடங்குக்கு வந்தாள். இதை எதற்குத் தன்னிடம் கொண்டு வருகிறாள் என்று பாண்டிச்செல்விக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உங்க பேரை லெட்டர்ல ஏன் போட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே சேச்சி," என்றாள். "எனக்கு சுக்கைப் பத்தி ஒண்ணும் அறியாது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்க பேரைப் போட்டா சர்வேயர் நம்புவார்னு தோணித்து. அவ்வளவுதான்."

பாண்டிச்செல்வி கையிலிருந்த சுக்கை ஒடித்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்ற ஒரு வார்த்தையை இந்தப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுதிய கடிதத்தை ஒருதரம் படித்துக் காட்டு என்று கேட்க அவளுக்குப் பதினேழு வருஷம் போதவில்லை. இங்கிலீஷைவிட, நாற்காலியைவிட, இதுதான் அவளுக்கு வலித்தது.

ஒடித்த சுக்கின் ஒரு பாதியை அவள் சுபாஷிணியிடம் நீட்டினாள். "மோந்து பாரு," என்றாள். "இது நல்லது."