இலைக்கு இலை

மலேசியாவில், மலைப்பாதையோரத்து ரிங்லெட் டவுனில் பைரோஸ் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சனி, ஞாயிறு என்றால் மலைக்கு மேலே சுற்றுலா போகும் கார்கள் நின்று போகும்; மற்ற நாட்களில் கடை காற்று வாங்கும். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை, வாழை இலைச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கு நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரெக் ஒன்று இலவசம் என்று முடிவு செய்தார். முகநூலில் போட ஒரு வரி எழுதித் தரும்படி, தோட்டப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வரலட்சுமியிடம் கேட்டார்.

வரலட்சுமிக்கு எதுகை என்றால் உயிர். பழைய மாணவர்களின் திருமண வாழ்த்துக்குக்கூட மோனை பார்ப்பவள். மறுநாளே எழுதிக் கொடுத்தாள்:

"இலைக்கு இலை இலவசம்! மலைக்கு மேலே பரவசம்!"

"முதல் இலை வாழை, ரெண்டாவது தேயிலை. புரியுதா பாய்?" என்றாள்.

பாய்க்குப் புரிந்தது. அவர் மனைவி தாஹிராதான் இழுத்தாள்: "தேத்தண்ணின்னு எங்க டீச்சர் இருக்கு? கிழமையும் காணோமே."

"அதெல்லாம் போட்டா கவிதை செத்துடும்லா."

பதிவு பறந்தது. தலைமையாசிரியர் ஆறு கைகூப்பல்கள் போட்டார். 'தமிழ் வாழ்க' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். வரலட்சுமி வகுப்புக்கு நடுவிலும் போனைத் திறந்து திறந்து பார்த்தாள்.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். ஓர் இலைச் சாப்பாட்டுக்கு இன்னோர் இலை இலவசம், பாதிப் பேருக்குத்தான் காசு என்று நம்பி எல்லோரும் சாப்பிட்டார்கள். பில் வந்ததும் குரல் உயர்ந்தது.

"இலைக்கு இலை இலவசம்னு போட்டுட்டு, இப்ப ரெண்டுக்கும் காசு கேக்குறீங்க?"

"அது தேயிலைங்க. அதுவும் திங்கள்லருந்து வியாழன் வரைக்கும்தான்," என்றார் பாய்.

"எங்க போட்டிருக்கு? காட்டுங்க!"

காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்சல் வாங்க வந்திருந்த வரலட்சுமி முன்னால் போய், "ஐயா, இது சிலேடை. ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள்," என்று விளக்கினாள்.

"பொருள் ரெண்டு இருக்கட்டும்மா. எங்களுக்கு ரெண்டாவது சாப்பாடு எங்க?" என்றார் வேன்காரர். வேனே சிரித்தது.

பாய் வாதாடவில்லை. "எழுதுனது எங்களோட தப்புதான்," என்று பாதிப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார். வரலட்சுமியிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

பழைய பதிவை நீக்கச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். எழுதிய எல்லாவற்றிலும் தேத்தண்ணி காணாமல் போனது. கடைசியில் சலித்துப்போய், "டீச்சர், சோத்துக்குத்தான் காசு, தே ஓசி. இதச் சொல்ல இவ்வளவு பாடா?" என்றாள் கல்லாவில் இருந்த தாஹிரா.

வரலட்சுமி நிமிர்ந்தாள். காசு, ஓசி. எதுகை! அதுவும் கல்லாப்பெட்டியிலிருந்து வந்த எதுகை. கொஞ்சம் வலித்தது, ஆனாலும் எழுதினாள்:

"சோற்றுக்குக் காசு, தே தாரெக் ஓசி!
வாழை இலைச் சாப்பாடு ஒன்றுக்கு ஒரு தே தாரெக் இலவசம். திங்கள் முதல் வியாழன் வரை மட்டும்."

இந்த முறை யாரும் 'தமிழ் வாழ்க' என்று எழுதவில்லை. தலைமையாசிரியர் ஒரே ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை மதியம் மழையோடு மழையாக லோரிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள்; தே தாரெக்கைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள், யாரும் சண்டை போடவில்லை.

"நல்லா ஓடுது டீச்சர்," என்றார் பாய்.

"ஓடட்டும் பாய். ஆனா 'சோறு'க்குப் பதிலா 'அன்னம்'னு போட்டிருந்தா..." என்று தொடங்கினாள் வரலட்சுமி. தாஹிரா அவள் முன்னால் இலையைப் போட்டாள்.