முதுகில் விழுந்த விரல் தடம்

பிள்ளைக்குச் சூடு வைத்தவள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் போதும். அதுவும் இரண்டாம் தாரமாக வந்தவள் மேல் கிளம்பினால், ஆண்டவரே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. ஜெசிந்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைகால் ஓடவில்லை.

ஆறு வயது அமலா கட்டிலில் குப்புறக் கிடந்து வீறிட்டாள். காலையில் வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்ததும் அத்தைக்காரி இருதயமேரி, எரிச்சல் அடங்கும் என்று முதுகெல்லாம் டூத்பேஸ்டை அப்பிவிட்டிருந்தாள். நர்ஸம்மா அதைக் கழுவக் கழுவ, அடியில் நீள நீளமாக விரல் தடங்கள், சிவந்து கொப்புளித்துத் தெரிந்தன.

"பாருங்க டாக்டரம்மா!" இருதயமேரி கத்தினாள். "தாயில்லாத புள்ளைக்கு கரண்டிய காய்ச்சி இழுத்துக்கீறா. என் தம்பி பெங்களூருல வேலை பாத்துக்கினு இருக்கான், கேக்க நாதியில்லன்னு நெனைச்சிக்கினா. போலீசுக்கு எழுதுங்க. புள்ளைய நான் எங்க ஊரு பிரம்மதேசத்துக்கு இட்டுக்கினு போயிடறேன்."

"ஐயோ மாதாவே, நான் ஒண்ணுமே பண்ணலீங்க!"

டாக்டரம்மா குழந்தையிடம் குனிந்தார். "யாரு கண்ணு பண்ணது?"

"சித்திதான்... எலுமிச்சம்பழம் தேச்சுது."

ஜெசிந்தா பதறி முன்னால் வந்தாள்.

"அது முந்தாநேத்துங்க. வேர்க்குருவுக்கு எல்லாரும் போடறதுதானே? சாறு காயட்டும்னு மேல்சட்டையில்லாம களத்துல கூடவே உக்கார வெச்சிக்கினு மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, காயவெச்சேன். அன்னிக்கு புள்ள நல்லாத்தாங்க இருந்துச்சு."

"உன் கைய காட்டு."

புறங்கையில் சிவப்புத் திட்டுகள், விரலிடுக்கில் இரண்டு கொப்புளம். உலை ஆவி பட்டிருக்கும் என்றுதான் அவள் விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இது கரண்டிச் சூடு இல்ல. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் விழுந்தா வெந்துடும். அன்னிக்கே தெரியாது, மறுநாளோ ரெண்டாம் நாளோதான் கொப்புளிக்கும். பேஸ்ட்டு வேற புண்ண இன்னும் கெளறிடுச்சு. இனிமே யாரும் எதையும் பூசாதீங்க, வெயில்லயும் விடாதீங்க. கறுப்பு மறைய மாசக்கணக்காகும்."

போலீஸ் பேச்சு அதோடு போயிற்று. ஆனால் ஜெசிந்தா ஓவென்று அழுதுவிட்டாள். அப்படியானால் பிள்ளையைச் சுட்டது அவள்தானே! பாவி, ஆசை ஆசையாகத் தேய்த்தாளே.

இருதயமேரிக்கு முகம் செத்துவிட்டது. இருந்தாலும் வீம்பு விடுமா? "எப்படியோ, இவ கையில இனி புள்ளைய விட மாட்டேன். வாடி போலாம்" என்று கையை நீட்டினாள்.

ஜெசிந்தா ஒதுங்கி வழிவிட்டாள். எந்த முகத்தோடு தடுப்பாள்?

அமலா மெதுவாகக் கட்டிலைவிட்டு இறங்கினாள். அத்தையைத் தாண்டி வந்து, ஜெசிந்தாவின் விரலிடுக்கில் இருந்த கொப்புளத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"சித்திக்கும் மருந்து குடுங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் போட்டுக்கறோம்."