சாம்பல் நிறத்தில் ஒரு வரி

“விளம்பரம்” என்று போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் எங்கள் செய்தித் தளத்தில் “பங்காளர் வழங்கும் பதிவு” என்று, கட்டுரையின் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் போடுவோம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. வாசகரை மதிப்பது பற்றி ஆசிரியர் மூன்றிலும் உருகினார்.

சர்க்கரை நோயை விரட்டும் பொடி பற்றி நான் போட்ட கட்டுரையும் அப்படித்தான் வந்தது. வரிகள் கம்பெனி அனுப்பியவை. மேலே “நமது நிருபர்”.

இன்று மருத்துவமனையில், அத்தானின் காலை எடுக்கவேண்டும் என்றார்கள்.

“மாத்திரைய ஏன்க்கா நிறுத்தினாரு?”

“செய்தியில வந்துச்சேடி! உன் தங்கச்சி வேலை பாக்குற சைட்டு பொய் சொல்லுமான்னு கேட்டாரு.”

“அது செய்தி இல்லக்கா, கம்பெனி காசு குடுத்துப் போட்டது. கீழ எழுதியிருக்கும் பாரு.”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை முகத்தருகே வைத்து அந்த வரியைக் கண்டுபிடித்தாள்.

“இதுல விளம்பரம்னு எங்கடி இருக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அறைக்குள் கட்டிலிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

“உன் தங்கச்சி வந்துட்டாளா? காலை எடுக்காம இருக்க அவங்க சைட்டுல ஏதாச்சும் போட்டிருக்கான்னு கேளு.”