முன்கூட்டியே எழுதிய நோட்டு

ஒரு மாதத்தில் லயிஸ் முந்நூறு கிராம் இளைத்திருந்தாள். பதின்மூன்று மாதக் குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டபோது, அம்மா ஜோசியானே, குழந்தைகள் காப்பகத்தின் நோட்டை எடுத்து நீட்டினாள். காலைப் பால் முழுதும். மதியம் சோறு, பீன்ஸ் சாறு, பூசணி மசியல் முழுதும். மாலையில் பழம் முழுதும். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவு சாப்பிட்டும் இளைக்குதுன்னா குடல்ல ஏதோ இருக்கணும்" என்று இரத்தம், மலம் இரண்டுக்கும் சோதனை எழுதித் தந்தார். அன்றிலிருந்து ஜோசியானேக்குத் தூக்கம் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தண்ணீர் நின்றுவிட, பெண்களைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அவள் காப்பகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சோற்றுப்பானை இன்னும் சமையலறையில்தான் இருந்தது. லயிஸின் இடுப்புத்துணி கனத்துத் தொங்கியது. அவிழ்த்தால் தொடையிடுக்கு வெந்து சிவந்திருந்தது. குழந்தையின் பையிலிருந்த நோட்டைத் திறந்தாள். அன்றைய தேதி. மதியச் சாப்பாடு முழுதும். தூக்கம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. மாலைப் பழம் முழுதும்.

இன்னும் வராத மாலை அது. 

மறுநாள் சனிக்கிழமை காப்பகத்தின் வருடாந்தர மதிப்பீடு. பெற்றோரும் பணியாளர்களும் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாரும் அட்டை தூக்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை, அரைகுறையென்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. பிறகு பேசி ஒரு நிறத்துக்கு வந்து, என்ன செய்வது என்று எழுதி மாட்டுவார்கள்.

வழியெல்லாம் கணவன் ஜெனிவால்டோ கெஞ்சிக்கொண்டே வந்தான். அவன் பஸ் ஓட்டுபவன். "ஜோசி, பதினோரு மாசம் காத்திருந்து கிடைச்ச இடம். வாயத் திறக்காத. இத மூடிட்டாங்கன்னா எங்க கொண்டுபோய் விடுவ? என் ஸ்டியரிங் மேலயா?"

சுத்தம் பற்றிய கேள்விக்கு எல்லாரும் பச்சை. ஜோசியானேயும் பச்சை தூக்கினாள். வெந்த தொடை கண்முன் நிற்க, கை தானாக எழுந்தது. சாப்பாட்டுக்கும் பச்சை. ஒருங்கிணைப்பாளர் மார்லூசியா அடுத்ததைப் படித்தார்: "குழந்தையின் அன்றாடம் பெற்றோருக்கு உண்மையாகத் தெரிவிக்கப்படுகிறதா?"

ஜோசியானே சிவப்பைத் தூக்கினாள். ஜெனிவால்டோ தலை குனிந்துகொண்டான்.

"என்னம்மா, தினமும் நோட்டு வருதே?" என்றார் மார்லூசியா.

"வருது. சாப்பிடறதுக்கு முன்னாடியே சாப்பிட்டாள்னு எழுதி வருது. அத நம்பி எம் பொண்ணுக்கு நோய் தேடிட்டு இருக்கேன். ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்." 

 எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைகள் அறைப் பணியாளர் க்ளேயா மெல்லத் தன் சிவப்பு அட்டையைத் தூக்கினாள்.

"நான்தான் எழுதறேன். காலையில பிள்ளைங்க வந்ததுமே பதினாலு நோட்டும் எழுதிருவேன். அப்புறம் பேனா பிடிக்க நேரமேது? ஏழு பிள்ளைக்கு ஒரு ஆள்ங்கறது சட்டம். கூட இருந்தவ பிரசவ லீவுல போய் மூணு மாசமாச்சு. சோறு ஊட்டினா கழுவ முடியல. கழுவினா ஊட்ட முடியல. வாய தானா திறக்கற பிள்ளை சாப்பிடுது. லயிஸ் திறக்க மாட்டா. உக்காந்து கொஞ்சணும்." ஜோசியானேயைப் பார்த்தாள். "என்னைத் திட்டுக்கா."

திட்டத்தான் வந்திருந்தாள். சிவப்பு அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு தகப்பன், "அப்ப சுத்தத்துக்கும் பச்சை இல்லங்க, மாத்துங்க" என்றான். இன்னும் இரண்டு சிவப்பு எழுந்தது. மார்லூசியா தாளில், இரண்டாவது ஆள், அறுபது நாளுக்குள், என்று எழுதினார். அதுவரை மதியம் வர முடிந்த பெற்றோர் வந்து ஊட்டலாம் என்றும் எழுதினார்.

அறுபது நாள். திங்களன்று ஜோசியானே லயிஸை அதே அறையில்தான் விட்டாள். வேறு போக்கில்லை. சலவைக்கூடத்தில் நாளெல்லாம் கை வேலை செய்தது, மனசு அங்கே இருந்தது.

சாயங்காலம் ஜெனிவால்டோவிடம், "போனியா?" என்று கேட்டாள். மதியம் அவனுக்கு இரண்டு நடைகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் கிடைக்கும்.

"போனேன். அரைக் கிண்ணம் சாப்பிட்டா. மடியில வெச்சுக் கதை சொன்னாத்தான் திறக்கறா." சீருடைச் சட்டையில் பூசணி காய்ந்திருந்தது. "பக்கத்துப் பையன் என் கரண்டியவே பார்த்துட்டு இருந்தான். அவனுக்கும் ஊட்டினேன். அப்புறம் இன்னொண்ணு தவழ்ந்து வந்துச்சு."

"அப்புறம்?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, ஜோசி. கிளம்பறப்ப நாலு அழுதுட்டு இருந்துச்சு."