துடைத்துப் போட்ட நிலா

செருப்புக்கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் தங்கச்சி ஒரு படிக்கட்டு கட்டியிருந்தாள். மரமும் இல்லை, கல்லும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பில் தொங்கவிட்ட செருப்புகள். நேர் எதிரே நின்றால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தெர்மாகோலில் வெட்டி விளக்கு வைத்த வட்ட நிலாவில் போய் முடியும். ஓரடி விலகினால் போச்சு, யாரோ கோபத்தில் விட்டெறிந்த செருப்புகளாகத்தான் தெரியும்.

அவள் வேலை செருப்பு விற்பது. அலங்காரம், வியாபாரம் ஓய்ந்த நேரத்துக் கிறுக்கு. இப்போது ஒரு பெரிய துணிக்கடை முகப்பு அலங்காரத்துக்கே தனியாக ஆள் தேடியது. செய்த வேலையை நேர் எதிரே நின்று எடுத்த ஒரே ஒரு படம், உள்ளே இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல், இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். மதியம் புதுச் சரக்கு வருகிறது, அதற்குள் முகப்பு காலியாக வேண்டும் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அண்ணன் காலையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குக் கல்யாணப் படம்தான் தொழில். பட்டுப்புடவை மினுங்கினால் சமாளிப்பான். கடைக் கண்ணாடி புதிது.

முதல் படத்தைப் பார்த்துத் தங்கச்சி முகத்தைச் சுளித்தாள். "அண்ணே, பஸ்ஸு செருப்பு வாங்க உள்ள வந்திருக்கு. நீ வேற தொப்பையோட நடுவுல நிக்கிற."

"பொறுடி வாயாடி. போலரைசர் போட்டா எல்லாம் ஓடிடும்."

லென்ஸின் முகத்தில் அந்தக் கறுப்பு ஃபில்டரைத் திருகி, அதன் வளையத்தைச் சுற்றினான். படம் கொஞ்சம் இருண்டது. கண்ணாடியில் விழுந்த பஸ் நிறுத்தமும் எதிர் பேக்கரியும் தொப்பையும் அசையவில்லை.

"ஓடலியே?"

"சாய்வா பட்டு வர்ற வெளிச்சத்தத்தான் இது பிடிக்கும். நேரா திரும்பி வர்றத விட்டுடும்."

நன்றாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்து மறுபடி வளையத்தைச் சுற்றினான். தெரு கரைந்தது. பேக்கரியின் மாடி போனது, பஸ் நிறுத்தம் போனது, கண்ணாடியே இல்லாதது போலச் செருப்புகள் தெரிந்தன. அண்ணன் பெருமையாகத் திரும்பினான்.

"பளிச்சுனு இருக்கு," என்றாள் தங்கச்சி. "படிக்கட்டுதான் இல்ல."

இல்லைதான். அவன் கொஞ்சம் நேர் எதிரே வந்தால் படிக்கட்டு வந்தது, கூடவே தெருவும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வருவேன் என்று அடம் பிடித்தன.

"விடு, எடிட்டிங்ல பாத்துக்கிறேன்." நேரே எடுத்த படத்தை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு கடையின் முக்காலியில் உட்கார்ந்தான். கறுப்பை ஏற்றினான், மூட்டத்தைக் குறைத்தான், பஸ்ஸைத் துண்டு துண்டாகத் துடைத்தான். பஸ் மறைத்த செருப்புக்கு வார் இல்லாமல் போனது. அங்கே இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்துச் செருப்பிலிருந்து ஒரு வாரை எடுத்து ஒட்டினான். ஒருவழியாக முடித்து அவளைக் கூப்பிட்டான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நிலா எங்க?"

"எந்த நிலா?"

"மேல, வெள்ளையா, வட்டமா."

"அது எதுத்த பேக்கரி போர்டு இல்ல?"

பேக்கரி வாசலிலும் வட்டமாக, வெள்ளையாக, விளக்கு வைத்த போர்டு ஒன்று தொங்கத்தான் செய்தது. ஒரே படத்தில் இரண்டு வட்டம். இரண்டையும் சேர்த்துத் துடைத்திருந்தான்.

"காலையிலேர்ந்து இதையேதான படம் பிடிக்கிற? ஒரு தடவையாச்சும் கண்ணால பாத்தியா?"

அவன் எழுந்து வெளியே போனான், கேமரா இல்லாமல். கண்ணாடிக்கு நேரே நின்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்தான். ஒரு வட்டம் செருப்புகளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று கடைசிச் செருப்பின் பின்னால் இருந்த இடத்திலேயே இருந்தது. படிக்கட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"வண்டில கறுப்புத் திரை இருக்கு," என்றான். "கண்ணாடி அகலத்துக்கு ரெண்டு பங்காச்சும் வேணும், இது பத்தும். பிடிக்க ரெண்டு ஆளு கூப்பிடு. உள்ள லைட்டெல்லாம் போடு."

ஒரு முனையை முதலாளி பிடித்தார். மறுமுனைக்குப் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்தார். "என் போர்ட மறைக்க என்னையே கூப்பிட்டீங்க பாரு," என்றார். கண்ணாடிக்கு எதிரே நடைபாதையை அடைத்துத் திரை நின்றது. அண்ணன் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஒளிந்து, துணியில் போட்ட ஓட்டையில் லென்ஸை மட்டும் நீட்டினான். பிரதிபலிக்கக் கறுப்பைத் தவிர எதுவும் இல்லாத கண்ணாடி, உள்ளே இருந்ததை அப்படியே கொடுத்தது.

படத்தின் மேல்மூலையில் மட்டும் நான்கு வெளிறிய புள்ளிகள் இருந்தன. அண்ணன் மௌஸை அதன்மேல் கொண்டுபோய், அழுத்தாமல் நிறுத்தினான்.

"இது?"

தங்கச்சி குனிந்து பார்த்தாள். "பேக்கரிக்காரர் விரலு. வெளிய."

"நிச்சயமா?"

"மாவு தெரியுது பாரு."

துடைத்தான். வெளியே சரக்கு வண்டி வந்து நின்றது. அவள் படத்தை அனுப்பிவிட்டு, கத்தரிக்கோலோடு முகப்புக்குள் ஏறி, நிலாவிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள்.