பொதுக் காரணம் வாடைக்காற்று

கிறேஸ் மாமி வீட்டார் பெற்றிசியாவைத் தங்கள் மகன் கிறகரிக்குக் கேட்டு இரண்டு தரம் வந்துபோனார்கள். பிறகு ஒரு சத்தத்தையும் காணவில்லை. அந்த நாட்களில்தான் பெற்றிசியாவும் மன்னார் ரவுணில் அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தாய் அருளம்மா இரண்டையும் கூட்டிக் கணக்கை முடித்துவிட்டாள்.

"நீ வகுப்பெண்டு வெளிக்கிட்டாய். அவை வாறதை விட்டிட்டினம்."

உள்ளதைச் சொன்னால், பெற்றிசியாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். நம்பியது மட்டுமில்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது. இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொப்பியும் கறுப்பு உடுப்புமாக அவள் படம் தொங்கினது. தொங்கி மூன்று வருசம், வேலை மட்டும் வரவில்லை. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் திரிந்தவளுக்கு, வள்ளமும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் செய்கிற ஒரு சம்மாட்டி வீட்டையே தன் படிப்பு பயமுறுத்தி விரட்டிவிட்டது என்பது சின்ன ஆறுதலாக இருந்தது.

"படிச்சவளைக் கண்டு பயந்து ஓடிட்டினம்" என்று வகுப்பில் பக்கத்தில் இருக்கிற ஹிதாயாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஹிதாயா எருக்கலம்பிட்டிப் பெட்டை. அவளும் பட்டதாரி, அவளுக்கும் வேலையில்லை.

"ஓடினவங்க எந்தப் பக்கமா ஓடினாங்க எண்டு பாத்தியா?" என்று ஹிதாயா கேட்பாள். பெற்றிசியா அதை வெறும் பகிடியாகவே எடுத்துக்கொள்வாள்.

வகுப்பை நடத்தியது நடராசா. முருங்கன் ஆள், கம்பசில் இவர்களுக்கு ஒரு வருசம் மேல். எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் பாசாகி நேர்முகத்தில் இரண்டு தரம் விழுந்தவன். தகப்பனோடு வயல் செய்கிறான். விதைப்பு முடியும்வரை தன்னால் ஒன்றும் ஏலாது என்று முதலே சொல்லி, மழை விழுந்து நெல் விதைத்த பிறகுதான் வகுப்பைத் தொடங்கியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காரணமும் விளைவும். இரண்டு கூற்றுத் தருவார்கள். முதலாவது காரணம், இரண்டாவது விளைவு என்றால் 'அ'. மறுவளமென்றால் 'ஆ'. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால் 'இ'. இரண்டுமே சொல்லப்படாத வேறொரு காரணத்தின் விளைவென்றால் 'ஈ'. நடராசா பலகையில் எழுதினான்:

1. வள்ளங்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று மீன்பிடிக் கந்தோர் அறிவித்தது.
2. கரையில் கட்டியிருந்த பல வள்ளங்கள் உடைந்தன.

பெற்றிசியா யோசிக்கவேயில்லை. 'அ' என்றாள்.

"எப்பிடி?"

"கந்தோர்க்காரர் போகவேண்டாம் எண்டதாலதானே வள்ளம் கரையில நிண்டது? கரையில நிண்டதாலதானே உடைஞ்சது? பேசாலையில எங்கட அப்பாவின்ர வள்ளமும் அப்பிடித்தான் முன்பக்க அணியம் உடைஞ்சது."

"அப்ப கந்தோர்ப் பியோன் வந்து கோடாலியால கொத்தினவரோ?"

வகுப்பு சிரித்தது. நடராசா முதலாவது கூற்றைக் கையால் மறைத்தான்.

"இது நடக்கேல்லை எண்டு வையும். கந்தோர் வாயே திறக்கேல்லை. வள்ளங்கள் தப்பியிருக்குமோ?"

"அந்தப் புயலுக்கோ? கடலுக்குப் போயிருந்தா ஆளோட போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். 'புயல்' பலகையில் இல்லை, அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"பாத்தீரோ, காரணம் உமக்குத் தெரியும். புயல்தான் கந்தோரைப் பேச வைச்சது, புயல்தான் வள்ளத்தையும் உடைச்சது. விடை 'ஈ'." சோக்கைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "பெற்றிசியா, உமக்கு எதுக்கும் ஒரு குற்றவாளி வேணும். அதுவும் கந்தோர்க்காரனா இருந்தா நல்ல சந்தோசம். பரீட்சைத்தாளில அந்தக் கோவத்துக்குப் புள்ளி இல்லை."

அவளுக்கு மூக்குச் சிவந்தது. ஹிதாயா குனிந்து கொப்பிக்குள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கச்சேரி. பின்னேரச் செபமாலைக்குப் போய் வந்த அருளம்மா முடிவோடு வந்திருந்தாள்.

"இனி வகுப்பு வேண்டாம். ஊரெல்லாம் கேக்குது, கிறேஸ் ஏன் விட்டவள் எண்டு. நீ வீட்டில நிண்டால் அவை திரும்பி வருவினம்."

"மாசியில சோதினை அம்மா."

"அதைத்தான் சொல்லுறன். நீ படிச்சுப் படிச்சு, கேக்க வந்ததுகளும் ஓடுதுகள்."

தகப்பன் சிங்கராசா வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லுவதுதான் முடிவு. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனிசி சொன்னதற்கு மெல்லத் தலையாட்டிவிட்டார். ஒருக்கால் ஆட்டினால் அரைவாசிச் சம்மதம்.

பெற்றிசியா கத்துவதற்கு வாய் திறந்தாள். படிப்பு, உரிமை, பெண் என்று வழக்கமாகக் கொட்டுகிற எல்லாம் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் பலகையில் இருந்த நடராசாவின் கை நினைவுக்கு வந்தது. அம்மா சொன்னது இரண்டு கூற்று. தானும் இவ்வளவு நாளும் அதற்கு 'அ' என்றுதான் புள்ளடி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"அப்பா, நான் வகுப்புக்கே போகேல்லை எண்டு வையுங்கோ. கிறேஸ் மாமி வந்திருப்பாவோ?"

"ஏன் வராமல்?" என்றாள் அருளம்மா.

"உங்களிட்ட இல்லை, அப்பாட்டக் கேக்கிறன். கிறேஸ் மாமி இப்ப எங்க நிக்கிறா?"

சிங்கராசா ஈயத்தைக் கீழே வைத்தார். "எங்க நிக்கிறது? வாடை எடுத்திட்டுதெல்லே. வடகடல் கொந்தளிச்சுக்கொண்டு நிக்குது. வள்ளம் உடையாத எல்லாரும் தென்கடலுக்குப் போய்க் கரையில கொட்டில் கட்டி வாடி போட்டிருக்கினம். கிறகரியும் தாயும் அங்கதான் மீன் காய வைக்கினம்."

"வலன்ரைன் சித்தப்பாவின்ர மகளைக் கேட்டு வந்தவையும் இப்ப வாறேல்லை. அவள் எந்த வகுப்புக்குப் போறாள்?"

"அவளோ? அவள் படலை தாண்டவே பஞ்சிப்படுறவள்" என்றார் சிங்கராசா.

"அவளைக் கேட்டு வந்தவை?"

"அவையும் வாடியிலதான்."

"எனக்கு ஏன் இப்ப வகுப்புத் தொடங்கினது? நடராசா அண்ணைக்கு மழை வந்து விதைப்பு முடிஞ்சது, கை ஓய்ஞ்சுது. வாடையும் மழையும் சேர்ந்து வந்ததில அவர் வகுப்புத் தொடங்கினார், அவை வாடிக்குப் போட்டினம். ரெண்டுக்கும் காரணம் ஒண்டு. வகுப்பை மறிச்சால் வாடை நிக்குமோ அப்பா?"

சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. கிறேஸ் மாமியை விரட்டியது அவள் பட்டமில்லை, வெறும் காற்று. மூன்று வருசத்தில் அந்தப் பட்டம் செய்த ஒரேயொரு வேலையும் கையைவிட்டுப் போனது.

சிங்கராசா கீழே வைத்த ஈயத்தை மறுபடி எடுத்தார். "சரியாத்தான் கிடக்கு. காற்றுக்குப் பிள்ளையை ஏன் பேசுறாய், அருளம்மா? அவள் போகட்டும்."

அருளம்மா தோற்ற முகத்தோடு நிற்கவில்லை. யோசிக்கிற முகத்தோடு நின்றாள். அதுதான் ஆபத்து.

"அப்ப வாடை விட்டுத் தெற்கால சோளகக் காத்து எடுக்க அவை இங்கால வருவினம்."

"ஓம், ஆக்கள் வருவினம்."

"வந்தால் கேட்டும் வருவினம். உன்ர படிப்பு அப்பிடித்தானே சொல்லுது? தடுத்தது காற்றெண்டால், காற்று விட்டால்?"

"வரலாம் எண்டுதான் சொல்லலாம் அம்மா. வருவினம் எண்டு சொல்லேலாது. வேற காரணமும்..."

"வரலாம் எண்டால் எனக்குக் காணும்" என்று அருளம்மா அடுப்படிக்குப் போனாள். போகும்போது மகளின் படத்தில் இருந்த தூசியைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனாள். சிங்கராசா வலைக்குள் முகத்தைத் தாழ்த்திச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை முழுக்கதையும் கேட்ட ஹிதாயா, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள்.

"நீயே வழக்குப் பேசி, நீயே வெண்டு, நீயே மாட்டிக்கொண்டிருக்காய். அந்தக் கிறகரி ஆள் எப்பிடி?"

"ஆளுக்கென்ன. பேசாத மனிசன்."

"உனக்கு அது நல்லதுதான்."

"வாயை மூடு. சோளகத்துக்கு முதல் நான் வேலை எடுக்கவேணும். வேலையோட இருந்து ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் அது நான் சொல்லுறதா இருக்கும்."

நடராசா அடுத்த இரண்டு கூற்றைப் பலகையில் எழுதத் தொடங்கினான். பெற்றிசியா யன்னலால் எட்டிப் பார்த்தாள். தென்னோலைகள் எல்லாம் இன்னும் தெற்குப் பக்கமாகத்தான் சரிந்து கிடந்தன. வாடை இன்னும் கொஞ்ச நாள் நின்று அடிக்கட்டும் என்று ஒரு பேசாலைக் கடற்றொழிலாளியின் மகள் மனதார வேண்டிக்கொண்டது அனேகமாக அதுதான் முதல் தரம். பிறகு அவள் பலகைப் பக்கம் திரும்பி, இருந்த இடத்திலேயே கையை உயர்த்தி முதலாவது கூற்றை மறைத்துப் பார்த்தாள்.