உப்புக் கரைக்க ஒரு ஹூட்

படூரில் மீனையும் கடல்நீரையும் சோதிக்கும் அந்தத் தனியார் ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட் ஒன்றே ஒன்று. விஷப்புகையை உறிஞ்சி மொட்டைமாடிக்கு மேலே கக்கும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி. அதை யார் பயன்படுத்துவது என்பதை டாக்டர் தாமோதரன் விஞ்ஞான முறைப்படி முடிவு செய்திருந்தார்: பதவி வரிசையில்.

அவர் ஆய்வகத் தலைவர். ஆகவே அவர் உப்பைத் தண்ணீரில் கரைப்பது ஹூட்டுக்குள். புதிதாகச் சேர்ந்த ஷீலா மீன் சதையை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சுவது ஜன்னலோர மேசையில். பழுப்புப் புகை கிளம்பும், இருமுவாள்.

"பழகிடும்மா. நாங்கல்லாம் அமிலத்தை வாயால உறிஞ்சி எடுத்த தலைமுறை," என்பார். அவர் பல்லைப் பார்த்தால் நம்பலாம்.

அன்று காலை ஷீலா ஹீட்டரைப் போடவில்லை. "ஹூட் குடுத்தாதான் சார் காய்ச்சுவேன்."

"அப்போ நாளையிலேர்ந்து வர வேணாம்."

அந்த நேரம் பார்த்து ஹூட்டின் வருடாந்திரச் சோதனைக்கு வந்து நின்றான் டெக்னீஷியன் ரஞ்சித்குமார். காற்றளக்கும் கருவியை ஹூட் வாயில் மேலும் கீழும் இடமும் வலமும் பிடித்துப் பார்த்தான்.

"நொடிக்கு அரை மீட்டர் வேகத்துல காத்து உள்ள போவணும் சார். இங்க கால் மீட்டர்கூட இல்ல."

காற்று போகும் திசையைக் காட்டும் சிறு புகைக்குழாயை ஹூட் வாயில் பிடித்து ஊதினான். புகை உள்ளே போனது, யோசித்தது, திரும்பி வந்து தாமோதரனின் மீசையைத் தடவியது.

"மேல ஃபேன் நல்லா ஓடிகினு கீது. அப்பறம் இன்னா பேஜாரு?" ஹூட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். காற்றை இழுக்கும் பின்சுவர்ப் பிளவை அடைத்துக்கொண்டு பழைய பாட்டில்கள், 'சிறந்த ஆய்வாளர்' கேடயங்கள், பொன்னாடை ஒன்று. "இன்னா சார், கொலு வச்சிகீறீங்களா?"

ஷீலா சிரிப்பை இருமலாக்கினாள்.

கொலு கலைந்தது. போட்டோவில் தலைவர் முகம் விழவென்று உச்சிவரை தூக்கியிருந்த கண்ணாடிக் கதவு, குறியிட்ட உயரத்துக்கு இறங்கியது. அவர் பிடரி குளிரவென்று ஹூட்டுக்குக் குறுக்கே வீசிய ஏசி திசை மாறியது. மறுபடி அளந்தான்: எல்லா இடத்திலும் அரை மீட்டர். புகை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது.

"ஹூட்டு பாஸாயிடுச்சி சார். இதுல இன்னா வேல நடக்குதுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே."

"உப்புக் கரைசல் தயாரிப்பு," என்றார் தாமோதரன் கம்பீரமாக. "எடை போடுதல்."

"உப்புல இன்னா சார் புகை வருது? தராசு காத்துல ஆடுமே, எட எப்டி நிக்கும்? சரி, உப்பு கரைக்கன்னே எழுதிடட்டா? ஆடிட்டுக்கு வர்றவங்க படிப்பாங்க."

தாமோதரன் ஆடிட்டர்களின் முகங்களை மனதில் ஓட்டிப் பார்த்தார்.

"அமிலச் செரிமானம்னு போடு. மீனை அமிலத்துல காய்ச்சுறது."

"யாரு செய்யறது?"

தாமோதரன் கலைந்து கிடந்த கேடயங்களைப் பார்த்தார். "ஷீலா."

மதியம் அவள் பீக்கர்கள் ஹூட் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே கொதித்தன. பழுப்புப் புகை பின்சுவர்ப் பிளவுக்குள் ஒழுங்காகப் போனது. ஜன்னலோர மேசைக்கு மேலே புதுப் பலகை தொங்கியது: 'முதுநிலை விஞ்ஞானப் பணிகளுக்கு மட்டும்.' அதன் கீழே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தாமோதரன் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தார்.